பிங்க்குக்குப் போதும், லாவெண்டருக்குப் போதாது

கிண்ணத்தில் குழைத்து வைத்த லாவெண்டர் சாயம் பார்க்க அத்தனை அழகாக இருக்கும். அதைத் தலையில் தடவி, அரை மணி நேரம் காத்திருந்து, அலசி உலர்த்திய பிறகு பலருக்கும் கிடைப்பது லாவெண்டர் அல்ல, சாம்பலும் பழுப்பும் கலந்த ஏதோ ஒன்று. உடனே சாயம் மட்டமானது என்று முடிவுகட்டிவிடுவார்கள். பெரும்பாலும் சாயத்தின் மீது குற்றமே இருக்காது. தடவுவதற்கு முன் முடி எவ்வளவு வெளுத்திருந்தது, அதில் எவ்வளவு மஞ்சள் மிச்சமிருந்தது என்பதை யாரும் சரியாகப் பார்த்திருக்கமாட்டார்கள்.

வெளிர் பிங்க், லாவெண்டர் போன்ற நிறங்களுக்குப் பயன்படுவது பெரும்பாலும் செமி பர்மனென்ட் வகைச் சாயம். இதற்கு முடியை வெளுக்கவைக்கும் சக்தி துளியும் கிடையாது. ஒளி ஊடுருவும் மெல்லிய நிறமாக முடியின் மேற்பகுதியில் போய் உட்காரும், அவ்வளவுதான். அடியில் என்ன நிறம் இருக்கிறதோ அதோடு சேர்ந்துதான் கண்ணுக்குத் தெரியும். சுவருக்கு அடிக்கும் பெயின்ட் மாதிரி பழைய நிறத்தை மறைத்துவிடும் என்று நினைப்பதில்தான் ஏமாற்றம் தொடங்குகிறது. வெளிர் நிறமாக வேண்டும் என்பதற்காக அதே சாயத்தில் வெள்ளைக் கண்டிஷனரைக் கலந்து நீர்த்துப்போகச் செய்கிறோம். அப்போது அடிநிறத்தின் ஆதிக்கம் இன்னும் கூடுகிறது.

அந்த அடிநிறம் எங்கிருந்து வருகிறது? முடி அழகுக்கலையில் முடியின் கருமையை 1 முதல் 10 வரை லெவல்களாகப் பிரிப்பது வழக்கம். 1 என்றால் கரிய கறுப்பு, 10 என்றால் மிக வெளிர்ந்த பொன்நிறம். நம்மூர்த் தலைமுடி பெரும்பாலும் 1 முதல் 3 வரைக்குள் அடங்கிவிடும். ப்ளீச் போடும்போது இந்தக் கறுப்பு நேராக வெள்ளைக்குப் போவதில்லை. முதலில் செம்பழுப்பு, பிறகு சிவப்பு, ஆரஞ்சு, பொன்மஞ்சள், மஞ்சள், கடைசியில் வெளிர்மஞ்சள் என்று படிப்படியாகத்தான் இறங்கும். லெவல் 6 வாக்கில் ஆரஞ்சு, 8 வாக்கில் தெளிவான மஞ்சள், 9 வாக்கில் இளமஞ்சள். 10ஆம் லெவலுக்கு அழகுக்கலைஞர்கள் வழக்கமாகச் சொல்லும் அடையாளம் ஒன்று உண்டு: வாழைப்பழத் தோலின் உட்புற நிறம்.

இதில் பிங்க்கும் லாவெண்டரும் ஒரே அளவு வெளுப்பைக் கேட்பதில்லை. கடையில் இரண்டு டப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் பலருக்கு இது தெரிவதே இல்லை.

பிங்க் மஞ்சளோடு சேர்ந்தால் பீச் நிறமாகும், இன்னும் மஞ்சள் அதிகமானால் சால்மன், பவளம் என்று ஆரஞ்சுப் பக்கம் நகரும். நினைத்த நிறம் அல்லதான், ஆனால் அசிங்கமாக இருக்காது. பலர் அதையே விரும்பிக் கேட்டு வாங்குகிறார்கள். அதனால் லெவல் 9 இருந்தாலே வெளிர் பிங்க்கைத் துணிந்து போடலாம், கொஞ்சம் கதகதப்பான பிங்க்காக வரும். குளிர்ச்சியான, குழந்தைகளின் உடைகளில் வரும் அந்த பிங்க்தான் வேண்டும் என்றால் 10 வேண்டும்.

லாவெண்டர் கதை வேறு. ஊதாவும் மஞ்சளும் நிறச் சக்கரத்தில் நேரெதிரே நிற்பவை. எதிரெதிர் நிறங்கள் கலந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு மங்கலாகிவிடும். ப்ளீச் செய்த முடியின் மஞ்சளைப் போக்க டோனரிலும் ஊதா ஷாம்புவிலும் ஊதாவைச் சேர்ப்பது இதற்காகத்தான். இப்போது யோசித்துப் பாருங்கள்: நிறைய கண்டிஷனரில் கொஞ்சமாகக் கரைத்த ஊதாதான் வெளிர் லாவெண்டர். அதாவது, அது ஏறக்குறைய ஒரு டோனரேதான். முடியில் மஞ்சள் மிச்சமிருந்தால், தடவிய ஊதா முழுவதும் அந்த மஞ்சளை அடக்குவதிலேயே செலவாகிவிடும். லாவெண்டராகத் தெரிய எதுவும் மிஞ்சாது. நீலச் சாயல் அதிகமுள்ள லாவெண்டராக இருந்தால் மஞ்சளோடு சேர்ந்து லேசான பச்சை கலந்த சாம்பலாகும். சிவப்புச் சாயல் அதிகமுள்ளதாக இருந்தால் பழுப்புப் பக்கம் போகும். ஆகவே வெளிர் லாவெண்டருக்கு லெவல் 10 என்பது கட்டாயம். மிச்சமிருக்கும் அந்த வெளிர்மஞ்சளையும் முதலில் டோனர் போட்டு அடக்கிவிட்டால் இன்னும் நல்லது.

ஆனால் அந்த 10 வந்துவிட்டதா என்று கண்ணால் எப்படித் தீர்மானிப்பது? இங்கேதான் கண் பல விதமாக ஏமாற்றும்.

ப்ளீச் கலவை முடியில் இருக்கும்போதே பார்த்துத் தீர்மானிப்பது முதல் தவறு. ப்ளீச் பவுடர் பலவற்றில் நீலமோ ஊதாவோ கலந்திருக்கும். அது மேலே இருக்கும் வரை அடியிலுள்ள மஞ்சள் மறைந்து, முடி வெள்ளையாகவே தெரியும். சோதிக்க வேண்டிய கற்றையை மட்டும் ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். அதுவும் இடைக்கால மதிப்பீடுதான். ஈரமான முடி காய்ந்த முடியைவிடக் கருமையாகத் தெரியும். ஆகவே கடைசித் தீர்ப்பை முழுவதும் அலசி, ட்ரையரில் எலும்பு காயக் காய்ந்த பிறகுதான் சொல்ல முடியும்.

அடுத்தது வெளிச்சம். பார்லர்களிலும் வீட்டுக் குளியலறையிலும் மஞ்சள் சாயல் கொண்ட பல்புகள் எரிகின்றன. மஞ்சள் வெளிச்சத்தில் எல்லாமே கொஞ்சம் மஞ்சள்தான் என்பதால், முடியிலிருக்கும் மஞ்சள் தனித்துத் தெரியாமல் போய்விடும். பகலில் ஜன்னலோரம், ஆனால் நேர் வெயில் படாத இடத்தில் நின்று பாருங்கள். கைபேசிப் படத்தை நம்பவே வேண்டாம். கேமரா தானாகவே நிறச் சமநிலையை மாற்றிக்கொண்டு மஞ்சளைக் குறைத்துக் காட்டும். படம் எடுத்தே ஆக வேண்டுமானால் முடியின் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுங்கள். படத்தில் தாள் வெள்ளையாகத் தெரிகிறதா என்று முதலில் பார்த்த பிறகு முடியைப் பார்க்கலாம்.

போட்டிருக்கும் உடைகூடத் தீர்ப்பை மாற்றும். இதைப் பற்றி 19ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் தீவிரமாக யோசித்திருக்கிறார். மிஷேல் யூஜின் செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், பாரிஸில் கோப்லான் திரைச்சீலை நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். கறுப்புச் சாயம் நன்றாகப் பிடிக்கவில்லை என்று அவரிடம் புகார் வந்தது. ஆராய்ந்து பார்த்தால் சாயத்தில் கோளாறு இல்லை. கறுப்பு நூலின் பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் அதை மங்கலாகக் காட்டியிருந்தன. ஒரு நிறம் பக்கத்து நிறத்தால் எப்படி மாறித் தெரிகிறது என்பதை விரிவாக எழுதி 1839இல் புத்தகமாகவே வெளியிட்டார். ஆரஞ்சு நிற குர்த்தாவின் மேல் மஞ்சள் முடி அத்தனை மஞ்சளாகத் தெரியாது. நீலச் சட்டையின் மேல் அதே முடி பளிச்சென்று மஞ்சளடிக்கும். தோளில் ஒரு வெள்ளைத் துண்டைப் போர்த்திக்கொண்டால் இந்தக் குழப்பம் தீர்ந்தது.

ஒற்றை முடியை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்துவிட்டு, "வெள்ளையாத்தானே இருக்கு" என்பவர்களும் உண்டு. ஒற்றை இழை எப்போதும் வெளிர்ந்துதான் தெரியும். விரல் தடிமனுக்கு ஒரு கற்றையைச் சேர்த்துப் பிடித்து, அதைத் தாளின் மேல் வைத்தால்தான் தலையில் தெரியப்போகும் நிறம் தெரியும்.

இவ்வளவும் செய்த பிறகு முடியிடம் இரண்டு தனித்தனிக் கேள்விகளைக் கேட்க வேண்டும். எவ்வளவு கருமை மிச்சமிருக்கிறது? எவ்வளவு மஞ்சள் மிச்சமிருக்கிறது? இவை இரண்டும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புவதுதான் டோனர். லெவல் 8 முடிக்கு ஊதா டோனர் போட்டால் மஞ்சள் அடங்கி, மணல் நிறத்தில் சாந்தமாகத் தெரியும். "மஞ்சளே இல்லையே!" என்று மகிழ்ந்துபோவோம். மஞ்சள் தெரியவில்லைதான், ஆனால் முடி வெளுக்கவில்லை. சொல்லப்போனால் டோனர் அதைக் கொஞ்சம் கருமையாக்கியிருக்கிறது. அதன்மேல் லாவெண்டரைத் தடவினால் அழுக்கான சாம்பல்தான் வரும். வாரக்கணக்கில் ஊதா ஷாம்பு போட்டுவருபவர்களின் முடியும் இப்படித்தான் ஏமாற்றும். அவர்கள் முதலில் சுத்திகரிக்கும் வகை ஷாம்புவால் ஒன்றிரண்டு முறை அலசி, ஒட்டியிருக்கும் ஊதாவை இறக்கிவிட்டுப் பார்ப்பது நல்லது.

கருமையை மட்டும் தனியாகப் பார்க்க எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. கைபேசியை நிறத்துக்கு நம்பாதீர்கள் என்று இப்போதுதான் சொன்னேன், இதற்கு மட்டும் நம்பலாம். கற்றையை வெள்ளைத் தாளில் வைத்துப் படமெடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறம் போய் வெறும் கருமை மட்டும் நிற்கும். கற்றை தாளுக்கு ஓரிரு படி கீழே வெளிர்சாம்பலாக நின்றால் சரி. நடுத்தரச் சாம்பலாகத் தெரிந்தால், கண்ணுக்கு எத்தனை சாந்தமாகத் தெரிந்தாலும் அது வெளிர் நிறத்துக்குத் தயாராகவில்லை.

ஒரு உதாரணத்தை முழுவதுமாகப் பார்ப்போம். தோள் வரை முடியுள்ள ஒரு கல்லூரி மாணவி என்று வைத்துக்கொள்வோம். இயற்கை முடி லெவல் 2. ஒரு வருடத்துக்கு முன் முடி முழுக்க பர்கண்டி நிற பர்மனென்ட் கலர் போட்டிருக்கிறாள். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக முடி வளரும் என்பதால், வேரிலிருந்து சுமார் 15 செ.மீ. வரை சாயம் படாத முடி, அதற்குக் கீழே பழைய பர்கண்டி. சில வாரங்கள் இடைவெளிவிட்டு இரண்டு முறை ப்ளீச் ஆகிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் நெற்றியோரம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது.

"அக்கா, இன்னைக்கே லாவெண்டர் போட்டுடலாமா?"

"முன்னாடி நல்லாத்தான் வந்திருக்கும்மா. பின்னாடி முடிய தூக்கிப் பார்த்தியா?"

பார்லர் அக்காவின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நெற்றியோர முடி மெல்லியது, சீக்கிரம் வெளுக்கும். பின்மண்டையின் உட்பக்க அடர்ந்த முடி தாமதமாகத்தான் வெளுக்கும். நாம் கண்ணாடியில் பார்ப்பது என்னவோ முன்பக்கத்தை மட்டும்தான். அவர் உச்சி, காதோரம், பின்கழுத்து என்று மூன்று இடங்களில் பிரித்துப் பார்க்கிறார். ஒவ்வொரு கற்றையிலும் மூன்று பட்டைகள் தெரிகின்றன. தலைத்தோலை ஒட்டிய ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மிக வெளிர்மஞ்சள். தலையின் உடல்சூட்டில் அங்கே ப்ளீச் வேகமாக வேலை செய்திருக்கிறது. அதற்குக் கீழே இளமஞ்சள், லெவல் 9 சொல்லலாம். நுனிப் பாதியில் பழைய பர்கண்டி முழுவதும் இறங்காமல் ஆரஞ்சு கலந்த பொன்மஞ்சள், லெவல் 7தான். அதாவது இது ஒரு தலை என்றாலும் மூன்று வேறு அடிநிறங்கள்.

கண்ணால் பார்த்ததை உறுதிசெய்யும் வழி கற்றைச் சோதனை. காதுக்குப் பின்னால், மேல்முடி மூடிக்கொள்ளும் இடத்திலிருந்து இரண்டு மெல்லிய கற்றைகளைப் பிரித்துக்கொள்கிறார். ஒரு பங்கு சாயத்துக்குப் பத்து பங்கு வெள்ளைக் கண்டிஷனர் என்று பிங்க்கையும் லாவெண்டரையும் தனித்தனியே குழைக்கிறார். சாயம் கலக்கும் கண்டிஷனர் வெள்ளையாக இருக்க வேண்டும். மஞ்சளோ நீலமோ கலந்ததாக இருந்தால் கிண்ணத்திலேயே நிறம் தெரியாமல் போகும். கிண்ணத்து நிறத்தில் கொஞ்சத்தை வெள்ளை டிஷ்யூ பேப்பரில் மெல்லிசாகத் தேய்த்து வைக்கிறார். முடி முழு வெள்ளையாக இருந்திருந்தால் இதுதான் வந்திருக்கும். பிறகு ஒவ்வொரு கற்றையிலும் வேரிலிருந்து நுனிவரை தடவி, டப்பாவில் சொன்ன நேரம், வழக்கமாக 20 முதல் 30 நிமிடம், விட்டு, குளிர்ந்த நீரில் அலசி, முழுவதும் உலர்த்தி, டிஷ்யூவின் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்.

லாவெண்டர் கற்றையில் வேரோரம் மட்டும் நினைத்த நிறம். நடுவில் ஊதாவும் இல்லை, மஞ்சளும் இல்லை, வெளுத்த சாம்பல். நுனியில் மங்கிய பழுப்பு. பிங்க் கற்றையில் வேரோரம் பிங்க், நடுவில் பீச். நுனியில் ஆரஞ்சே ஓங்கி நின்று செம்பு மாதிரி ஆகியிருக்கிறது.

இப்போது முடிவு எடுப்பது சுலபம். லாவெண்டர் இன்றைக்கு இல்லை. சாயத்தை ஒன்றுக்கு மூன்று என்று அடர்த்தியாகக் கலந்தால் நடுப்பகுதியில் மஞ்சளைத் தாண்டி ஊதா தெரியும். ஆனால் அது வெளிர் லாவெண்டராக இருக்காது, நல்ல ஊதாவாகத்தான் இருக்கும். அவளுக்கு வேண்டியது அதுவல்ல. பிங்க் என்றால் வழி உண்டு. நடுப்பகுதிக்கான கலவையில் ஒரு துளி ஊதாவைச் சேர்த்தால் பீச் கொஞ்சம் குளிர்ந்து பிங்க்குக்கு நெருங்கும். நுனிக்கு நீர்க்காத அடர் ரோஸைப் போட்டு, மேலே வெளிர், கீழே அடர் என்று இறங்கும்படி செய்யலாம். அல்லது நுனியை வெட்டிவிடலாம். எனக்குக் கேட்டால் வெட்டுவதே மேல் என்பேன், தோள் வரை முடி வைத்திருப்பவர்களிடம் இதைச் சொல்வது எளிதல்ல.

நுனியை இன்னொரு முறை ப்ளீச் செய்தால் என்ன என்று அவள் கேட்பாள். அதற்கான பதிலை நிறம் சொல்லாது, முடியின் வலுதான் சொல்லும். ஈரமான ஒரு இழையை இரு விரல்களால் மெல்ல இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் நீண்டு, விட்டதும் பழைய நீளத்துக்குத் திரும்பினால் முடி இன்னும் தாங்கும். ரப்பர் பசை மாதிரி நீண்டுகொண்டே போய்த் திரும்பாமல் நின்றாலோ, இழுத்ததும் அறுந்தாலோ ப்ளீச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மஞ்சளே தெரியாத தாள் வெள்ளையை ப்ளீச்சால் கொண்டுவர முயல்வதும் வீண். முடியைக் கட்டியிருக்கும் கெரட்டினுக்கே லேசான மஞ்சள் சாயல் உண்டு. நிறமிகள் எல்லாம் போன பிறகும் அந்த வெளிர்மஞ்சள் நிற்கும். அதை ப்ளீச்சால் போக்கப் பார்த்தால் மஞ்சளோடு முடியும் போய்விடும். வாழைத்தோலின் உட்புற நிறத்தோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தை டோனரிடம் விட்டுவிடுவதே வழக்கம்.

நம்மூரில் தனியாகக் கவனிக்க வேண்டியது மருதாணி. வருடக்கணக்கில் மருதாணி வைத்த முடியில் அதன் ஆரஞ்சுச் சாயம் கெரட்டினோடு பிணைந்திருக்கும். எத்தனை ப்ளீச் போட்டாலும் ஏதோ ஒரு கட்டத்தில் ஆரஞ்சோடு நின்றுவிடக்கூடும். மருதாணியோடு அவுரிப் பொடியும் சேர்த்து வைத்தவர்களுக்கு ப்ளீச்சில் பச்சை சாயல்கூட எட்டிப்பார்க்கும். பச்சையின் மேல் பிங்க் போட்டால், எதிரெதிர் நிறங்கள் என்பதால், அதுவும் மங்கிப் பழுப்பாகும். இப்படிப்பட்டவர்கள் தலை முழுக்க ப்ளீச் செய்வதற்கு முன்பே ஒரு கற்றையில் ப்ளீச் போட்டு எதுவரை இறங்குகிறது என்று பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். ப்ளீச், சாயம் இரண்டையும் முதன்முறை போடுபவர்கள், டப்பாவில் சொன்னபடி தோலில் கொஞ்சம் தடவி ஒவ்வாமை வருகிறதா என்று இரண்டு நாள் முன்னதாகவே பார்த்துவிட வேண்டும்.

இந்தக் கணக்கில் அதிர்ஷ்டசாலிகள் நரைத்தவர்கள். வெள்ளை நரைக்கு ப்ளீச்சே தேவையில்லை, லாவெண்டர் கேட்கும் வெளிர்ப்பு தானாகவே வந்திருக்கிறது. ஆனால் வெளுக்கவைக்காத முடியின் மேற்செதில்கள் இறுக்கமாக மூடியிருப்பதால் சாயம் அவ்வளவாக ஏறாது. எண்ணெய்ப் படிவாலோ புகையாலோ நரை மஞ்சளாகியிருந்தால் அதற்கும் மேலே சொன்ன கணக்கே பொருந்தும். சோதனைக் கற்றை போட்டுப் பார்த்துவிட்டு, கலவையை இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக்கிக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. சோதனைக் கற்றை நன்றாக வந்துவிட்டால் பலரும் அதே நாளில் முழுத்தலைக்கும் போட்டுவிடுகிறார்கள். இரண்டு மூன்று தலைக்குளியல் பொறுத்து அந்தக் கற்றையை மறுபடி ஜன்னலோரம் பாருங்கள். நீர்த்த சாயம் ஒவ்வொரு அலசலிலும் இறங்கிக்கொண்டே இருக்கும், லாவெண்டர் இறங்க இறங்க அது அடக்கிவைத்திருந்த மஞ்சள் மேலே வரும். பிங்க் இறங்கினால் பீச்சாகி மெல்ல மறையும். மூன்றாவது குளியலில் அந்தக் கற்றை என்ன நிறத்தில் நிற்கிறதோ, அடுத்த முறை சாயம் போடும் வரை பெரும்பாலான நாட்கள் தலையில் இருக்கப்போவது அந்த நிறம்தான்.